உயர்தர இரசாயன வகுப்பில் வாரம் ஆறு கேள்வி: ஆசிரியர்கள் கேட்பவையும் என் பதில்களும்

கொழும்பில் 12ஆம், 13ஆம் தரங்களுக்குத் தமிழ்மொழி மூலம் இரசாயனம் கற்பிக்கிறேன். வாரத்தின் முதல் இரட்டைப் பாடவேளை என் வகுப்பில் எப்போதும் ஆறு கேள்விகளோடுதான் தொடங்கும். கொப்பி மூடியிருக்க வேண்டும், புள்ளி பதியப்படாது, கேள்விகள் பழைய பாடங்களிலிருந்தும் வரும். பிள்ளைகள் இதற்கு வைத்த பெயரே ‘ஆறு கேள்வி’. மற்றப் பாடசாலைகளில் இரசாயனம் கற்பிக்கும் நண்பர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

நாங்களும் அலகு முடிய முடிய டெஸ்ட் வைக்கிறோமே. இதில் என்ன புதிது?

அலகு முடிவில் வைக்கும் டெஸ்ட், பிள்ளைக்கு இன்று எவ்வளவு தெரியும் என்று நமக்குக் காட்டும். ஆறு கேள்வியின் வேலை வேறு. படித்தது மறந்துபோகத் தொடங்கும் நேரத்தில், கொப்பியைப் பார்க்காமல் அதைத் தலைக்குள்ளிருந்து தேடி எடுக்க வைப்பதுதான் அது. அப்படித் தேடி எடுப்பதே நினைவைப் பலப்படுத்துகிறது.

இதை நன்றாகக் காட்டிய ஆய்வு ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்டது. மாணவர்கள் ஒரு பந்தியை ஒருமுறை வாசித்தார்கள். பிறகு ஒரு சாரார் அதையே மீண்டும் வாசித்தார்கள், மற்றச் சாரார் பார்க்காமல் ஞாபகத்தில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது மீண்டும் வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது நிலைமை மாறியிருந்தது: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 வீதம் நினைவிருந்தது, மீண்டும் வாசித்தவர்களுக்கு 42 வீதம்.

அந்த ஐந்து நிமிட விடயத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பரீட்சைக்கு முதல்நாள் இரவு கொப்பியைப் புரட்டும் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பது அதனால்தான். அந்தப் பிள்ளை தன்னை ஏமாற்றவில்லை. அந்த நேரத்தில் அதற்கு உண்மையாகவே தெரியும்.

ஆறு கேள்விகளையும் எப்படித் தெரிவு செய்வது?

இரண்டு கேள்வி போன வாரப் பாடத்திலிருந்து. இரண்டு கேள்வி மூன்று நான்கு வாரத்துக்கு முந்தியவற்றிலிருந்து. ஒன்று போன தவணையிலிருந்து, 13ஆம் தரம் என்றால் 12ஆம் தரப் பாடத்திலிருந்து. ஆறாவதை ‘தெரிவுக் கேள்வி’ என்கிறோம். எந்த முறையால் செய்வது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்க வேண்டிய கணக்கு அது. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

இதைக் கணினியில் ஒழுங்கு செய்யத் தேவையில்லை. நான் வைத்திருப்பது ஒரு சி.ஆர். கொப்பி. கேள்வி இடப்பக்கத்தில், கேட்ட திகதிகள் வலப்பக்கத்தில். பக்கத்தில் வகுப்பில் ஏறக்குறைய எத்தனை பேர் சரி என்று ஒரு எண். வகுப்பில் பெரும்பாலானோர் சரியாக எழுதினால் அடுத்த முறைக்கான இடைவெளியைக் கூட்டுகிறேன். தடுமாறினால் இரண்டு வாரத்துக்குள் திரும்பக் கொண்டுவருகிறேன்.

ஒரே கேள்வியை அப்படியே திரும்பக் கேட்டால் பிள்ளைகள் விடையை மட்டும் பாடமாக்கிவிடுவார்கள். அதனால் விடயம் அதுவாகவே இருக்க, வாசலை மாற்ற வேண்டும். கற்றயன் பகுப்பில் நான் கொண்டுபோகும் வழி இது. முதல் முறை: ‘Zn²⁺ கரைசலுக்கு NH₃ நீர்க்கரைசலைத் துளித்துளியாக, பிறகு மிகையாகச் சேர்த்தால் என்ன அவதானிப்பாய்?’ வெண்ணிற வீழ்படிவு வந்து, மிகையில் கரையும். மூன்று வாரம் கழித்து: ‘Al³⁺, Zn²⁺ இரண்டையும் வேறுபடுத்த NaOH உதவுமா, NH₃ உதவுமா? காரணம் என்ன?’ இரண்டினதும் ஐதரொட்சைட்டுகள் மிகை NaOH இல் கரைந்துவிடும். மிகை NH₃ இல் கரைவது Zn(OH)₂ மட்டும். எனவே NH₃. அடுத்த தவணையில் தலைகீழாக: ‘ஒரு நிறமற்ற கரைசல் தந்த வெண்ணிற வீழ்படிவு மிகை NaOH இல் கரைந்தது, மிகை NH₃ இல் கரையவில்லை. எந்தக் கற்றயன்?’

அநேகமானோர் Al³⁺ என்று எழுதிவிட்டுப் பேனையை வைத்துவிடுவார்கள். Pb²⁺ உம் அதே மாதிரித்தான் நடக்கும் என்பது யாராவது ஒரு பிள்ளைக்குத்தான் முதலில் வரும். ‘அப்படியென்றால் எப்படிப் பிரிப்பது?’ என்று கேட்டால் KI சேர்த்து மஞ்சள் வீழ்படிவு பார்ப்பது மற்றொருவருக்கு ஞாபகம் வரும். இந்த ஒரு கேள்வியால் அயடைட்டுகளின் நிறமும் சேர்ந்து மீண்டுவிடும்.

கலந்து கேட்பது என்றால் சேதனத்தில் ஒன்று, வாயுவில் ஒன்று, மின்னிரசாயனத்தில் ஒன்று என்று போடுவதா?

அப்படிப் போடுவதால் இடைவெளி கிடைக்கும். அது நல்லதுதான். ஆனால் கலத்தலின் முழுப் பயன் அதில் வராது. எஸ்தர் கணக்கையும் வாயு விதிக் கணக்கையும் யாரும் ஒன்றுக்கொன்று மாற்றிக் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். பார்வைக்கு ஒரே மாதிரியும் செய்முறையில் வேறாகவும் உள்ள கேள்விகளைக் கலந்தால்தான் பிள்ளை ‘இது எந்த வகை?’ என்று யோசிக்கும்.

அயன் சமநிலை இதற்கு மிகச் சிறந்த இடம். பரீட்சை மண்டபத்தில் கணிப்பான் இல்லை என்பதால் எண்களை இலகுவாக வைத்துக்கொள்வோம். HA ஒரு ஒருமூல மென்னமிலம், Ka = 1.0 × 10⁻⁵ mol dm⁻³. 0.20 mol dm⁻³ HA இல் 50 cm³ எடுத்து, அதனுடன் பின்வரும் ஒவ்வொன்றிலும் 50 cm³ சேர்த்தால் pH என்ன?

முதலில் நீர். அமிலம் 0.10 mol dm⁻³ ஆக ஐதாகும். [H⁺] = √(10⁻⁵ × 0.10) = 10⁻³, pH 3.

அடுத்து 0.10 mol dm⁻³ NaOH. அமிலம் 10 மில்லிமூல், காரம் 5 மில்லிமூல். தாக்கத்தின் பின் 5 மில்லிமூல் HA உம் 5 மில்லிமூல் A⁻ உம் மிஞ்சும். அது தாங்கற் கரைசல், pH = pKa = 5.

அடுத்து 0.20 mol dm⁻³ NaOH. அமிலம் முழுதும் முடிந்துவிடும். மிஞ்சுவது 0.10 mol dm⁻³ A⁻ மட்டும். அது நீர்ப்பகுப்படைவதால் [OH⁻] = √(10⁻⁹ × 0.10) = 10⁻⁵, pH 9.

கடைசியாக 0.30 mol dm⁻³ NaOH. 5 மில்லிமூல் OH⁻ மிகையாக 100 cm³ இல் நிற்கும். [OH⁻] = 0.05 mol dm⁻³, pH 12.7. இங்கே A⁻ இன் நீர்ப்பகுப்பைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

இலக்கம் ஒன்று மாறியதும் வழியே மாறிவிடுகிறது. பாடப்புத்தகத்திலும் நம் நோட்ஸிலும் இந்த நான்கும் நான்கு தலைப்புகளின் கீழ் இருக்கும். ‘தாங்கற் கரைசல்’ என்ற தலைப்பின் கீழ் உள்ள பத்துக் கணக்கும் தாங்கற் கரைசல்தான் என்பது பிள்ளைக்கு முன்பே தெரியும். பரீட்சையில் தலைப்பு இராது.

நான் இந்த நான்கையும் ஒரே நாளில் கேட்பதில்லை. ஒரு வாரம் 0.10 வகை, இரண்டு வாரம் கழித்து 0.20 வகை, பிறகு ஒருநாள் HA க்குப் பதிலாக HCl போட்டு அதே 0.20 வகை. HCl என்றால் விடை pH 7. ‘சம மூல் என்றால் 7’ என்று மனதில் பதிந்துவிட்ட பிள்ளைகளை அந்த வாரமே கண்டுபிடித்துவிடலாம்.

இப்படிக் கலப்பதன் பலனைக் கணித வகுப்புகளில் நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். ரோரர், டெய்லர் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வகைத் திண்மங்களின் கனவளவைக் காணும் கணக்குகளை ஒரு குழு வகை வகையாகவும் மற்றக் குழு கலந்தும் செய்தது. பயிற்சி நேரத்தில் வகை வகையாகச் செய்தவர்கள் 89 வீதம் சரி, கலந்து செய்தவர்கள் 60 வீதம். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில் அது தலைகீழாக மாறியது: வகை வகையாகச் செய்தவர்கள் 20 வீதம், கலந்து செய்தவர்கள் 63 வீதம். அது கேத்திர கணிதம், நம்முடையது இரசாயனம். அதே எண்களை நம் வகுப்பில் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் பயிற்சியின்போது கலந்து செய்பவர் பின்தங்கியவர் போலத் தெரிவார் என்பதை மட்டும் நான் ஒவ்வொரு வருடமும் நேரில் பார்க்கிறேன்.

பிழையான விடையிலிருந்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

மேலே சொன்ன 0.20 NaOH கணக்கையே எடுப்போம். விடைகளைச் சும்மா சரி பிழை போடாமல், என்ன எண் வந்தது என்று பாருங்கள். pH 9 என்றால் சரி. pH 7 என்று எழுதிய பிள்ளை, சமவலு என்றாலே நடுநிலை என்று நினைக்கிறது. pH 5 என்று எழுதிய பிள்ளை வேறு இடத்தில் வழுக்கியிருக்கிறது: இரண்டு செறிவும் 0.20 என்பதால் அவற்றை அப்படியே எண்டர்சன் சமன்பாட்டில் போட்டு, log 1 பூச்சியம், எனவே pH = pKa என்று முடித்துவிட்டது. தாக்கம் நடந்தது என்பதே அந்தப் பிள்ளையின் தாளில் இல்லை.

ஒருமுறை பின்வரிசைப் பிள்ளை ஒருவரின் தாளில் அந்த 5 இரண்டு கோடு போட்டு, பக்கத்தில் ‘இலகு’ என்று எழுதியிருந்தது. அவரைக் கூப்பிட்டு ‘கலந்த உடனே குடுவைக்குள் யார் யார் இருக்கிறார்கள்?’ என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘சேர், HA இல்லையே’ என்றார். அதன் பிறகு நான் எதுவும் விளக்கத் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து எல்லாருக்கும் ஒரு வழக்கம் வைத்தோம்: pH கணக்கில் சமன்பாடு எழுதுமுன் ‘மிஞ்சுவது யார்?’ என்று ஒரு வரி.

சில வாரங்களில் தெரிவுக் கேள்வியில் கணக்கையே செய்ய விடாமல் அந்த ஒரு வரியை மட்டும் எழுதச் சொல்கிறேன். ஒரு நிமிடத்தில் முடியும். முழுக் கணக்கைவிட அதில் அதிகம் தெரியவரும்.

சிலபஸ் முடிக்கவே நேரம் போதவில்லை. இதற்கு எங்கே நேரம்?

80 நிமிட இரட்டைப் பாடவேளையில் எட்டு நிமிடம் எழுத, ஏழு நிமிடம் திருத்த. கேள்விகளை முன்கூட்டியே தாளில் பெரிதாக எழுதிக்கொண்டு போய் ஒட்டிவிடுகிறேன். வாயால் சொல்லி எழுதுவிக்க வெளிக்கிட்டால் அதற்கே பத்து நிமிடம் போய்விடும். பிள்ளைகள் பாவித்த தாளின் பின்பக்கத்தில் விடை மட்டும் எழுதுவார்கள், ஃபோட்டோகொப்பிச் செலவும் இல்லை.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் பெரும்பகுதியை வேறு இடத்தில் நான் மீட்டுக்கொள்கிறேன். முன்பெல்லாம் மின்னிரசாயனம் தொடங்கும்போது தாழ்த்தேற்றச் சமன்பாடுகளை மறுபடி படிப்பிக்க இரண்டு பாடவேளை போகும். இப்போது அதற்கு முந்திய ஐந்தாறு வாரங்களில் அரைத்தாக்கங்களை ஒவ்வொன்றாக ஆறு கேள்விக்குள் கொண்டுவந்துவிடுகிறேன். வாரம் முழுவதும் எடுத்துப் பார்த்தும் நேரம் இல்லையென்றால் நான்கு கேள்வியாக்குங்கள். ஆனால் திருத்தும் நேரத்தைக் குறைக்க வேண்டாம்.

புள்ளி இல்லை என்றால் பிள்ளைகள் அக்கறையாகச் செய்வார்களா?

என் முதல் வருட அனுபவத்தைச் சொல்கிறேன். அப்போது வேறொரு பாடசாலையில் இருந்தேன். புள்ளிகளைப் பதிவேட்டில் எழுதி, தவணைப் புள்ளியில் பத்து வீதம் சேர்த்தேன். மூன்றாவது வாரத்திலேயே கேள்வி அடுத்த வகுப்புக்குப் போய்விட்டது. பக்கத்துத் தாளைப் பார்ப்பது தொடங்கியது. பெற்றோர் ஒருவர் வந்து ‘போன தவணைப் பாடத்தைக் கேட்டு ஏன் பிள்ளையின் புள்ளியைக் குறைக்கிறீர்கள்?’ என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். பிள்ளை மறந்ததைத் தேடி எடுக்க வேண்டிய இடத்தில், நான் மறந்ததற்குத் தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பிள்ளைகளே வேறு நிறப் பேனையால் தங்கள் தாளைத் திருத்துகிறார்கள். பிழைத்த இடத்தில் சரியான விடையை எழுதி, பக்கத்தில் ஏன் பிழைத்தது என்று இரண்டு சொல் எழுத வேண்டும்: ‘அலகு மாற்றவில்லை’, ‘நிபந்தனை மறந்தேன்’. தாள் பிள்ளையிடமே இருக்கும். நான் கை உயர்த்தச் சொல்லி எண்ணிக்கை மட்டும் எடுக்கிறேன். அதிலும் கண்ணை மூடிக்கொண்டுதான் உயர்த்துவார்கள்.

பதினேழு வயதுப் பிள்ளைகள் சோம்பலாகச் செய்வார்கள் என்று நானும் முதலில் பயந்தேன். தவணைப் பரீட்சையில் ஆறு கேள்வியின் சாயலுள்ள வினாக்கள் வருவதைக் கண்டதும் அந்தப் பயம் போய்விட்டது. வெற்றுத்தாள் தருபவர் ஓரிருவர் இருப்பார்கள். அவர்களிடம் தெரிந்த ஒரு வரியாவது, ஒரு மூலர் திணிவாவது எழுதச் சொல்கிறேன்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ரியூசனில் எல்லாம் முதலே படித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு இது எதற்கு?

அவர்களுக்குத்தான் அதிகம் தேவை. ரியூசனில் ஒரு அலகைத் தொடர்ந்து சில வாரம் செய்து, அதன் கடந்தகால வினாக்களையும் சேர்த்துச் செய்து முடிப்பார்கள். நல்ல உழைப்பு, ஆனால் எல்லாம் ஒரே தலைப்பின் கீழ். அடுத்த அலகு தொடங்கியதும் முந்தியது மாதக்கணக்கில் தொடப்படாமல் கிடக்கும். பாடசாலையில் நாங்கள் அதே அலகைப் பின்னால் எடுக்கும்போது பிள்ளைக்கு ‘இது தெரியும்’ என்ற உணர்வு இருக்கும். தெரிந்ததும் பார்த்ததும் அந்த உணர்வில் கலந்திருக்கும்.

ஆறு கேள்வி அந்த இரண்டையும் பிரித்துவிடும். அற்ககோல் பகுதியை ரியூசனில் முடித்த வகுப்பிடம் ‘CH₃CH₂CH₂OH ஐ PCC உடன் தாக்கினால் என்ன, அமில KMnO₄ உடன் தாக்கினால் என்ன?’ என்று கேட்டேன். அல்டிகைட்டு, காபொட்சிலிக்கமிலம் என்று எல்லாரும் சரி. இரண்டு வாரம் கழித்துத் திருப்பி, ‘புரப்பனல் வேண்டும், புரப்பன்-1-ஓல் தரப்பட்டுள்ளது, சோதனைப் பொருள் என்ன?’ என்று கேட்டபோது பாதிப் பேர் KMnO₄ எழுதினார்கள். அம்புக்குறியை ஒரு திசையில் மட்டும் பழகியிருந்தார்கள். அதனால் சேதனத்தில் எப்போதும் இரு திசையிலும் கேட்கிறேன்.

பல்தேர்வாகக் கேட்கலாமா, எழுதத்தான் வேண்டுமா?

பெரும்பாலும் எழுதட்டும். ஐந்து விடையைக் கண்ணால் பார்த்துத் தெரிவது, இல்லாத விடையைத் தேடி எடுப்பதைவிட இலகு. முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்கள் வருகின்றன என்பது உண்மை, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். பல்தேர்வு கேட்கும் வாரத்தில் நான் விடைகளை மறைத்து வைத்து வினாவை மட்டும் முதலில் காட்டுகிறேன். பிள்ளை தன் விடையை எழுதிய பிறகு தெரிவுகளைத் திறக்கிறேன்.

எல்லாருமே பிழை விட்டால்?

அந்த விடயம் மறக்கப்பட்டதா, அல்லது ஆரம்பத்திலேயே விளங்கவில்லையா என்று பிரிக்க வேண்டும். ஒரு சின்னக் குறிப்புக் கொடுத்துப் பாருங்கள். ‘மிஞ்சுவது யார்?’ என்ற அளவில் ஒரு சொல் போதும். அதோடு பாதிப்பேர் எழும்பினால் மறந்திருந்தார்கள், அடுத்த வாரம் திரும்பக் கேட்டால் சரிவரும். குறிப்புக்குப் பிறகும் வகுப்பு அமைதியாக இருந்தால் அது விளங்காத பாடம். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டால் பிழையான விடையைத்தான் பிள்ளைகள் பயில்வார்கள். அன்றே கேள்வியை எடுத்துவிட்டு, அந்தப் பகுதியை மறுபடி படிப்பிக்க ஒரு பாடவேளை ஒதுக்குகிறேன்.

இதே காரணத்தால்தான் ஒரு புது வகைக் கணக்கைப் படிப்பித்த அன்றே கலக்கக் கூடாது. முதலில் அதைத் தனியாக நாலைந்து கணக்குச் செய்யட்டும். கரைதிறன் பெருக்கத்தைக் கற்பித்த வாரத்திலேயே பொது அயன் விளைவையும் தாங்கலையும் ஒன்றாகப் போட்ட வருடம் எனக்கு இருக்கிறது. நல்ல பிள்ளைகள் கூடக் குழம்பினார்கள். இப்போது ஒரு வகை தனியே கைவந்து இரண்டு வாரமான பிறகே தெரிவுக் கேள்விக்குள் வருகிறது.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

முதல் மாதத்து எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஆறுக்கு இரண்டு, மூன்று என்றுதான் இருக்கும், அது எதிர்பார்க்க வேண்டியதே. நான் பார்ப்பது ஐந்தாம் கேள்வியை, அதாவது போன தவணையிலிருந்து வருவதை. போன வாரக் கேள்விகள் எந்த முறையில் படிப்பித்தாலும் ஓரளவு சரிவரும். பழையது ஒன்று, இடையில் யாரும் தொடாமலிருந்து, சரியாக வந்தால் அதற்குப் பெறுமதி உண்டு.

இன்னொரு அடையாளமும் கவனித்திருக்கிறேன். எழுதத் தொடங்குமுன் பேனை நிற்கும் நேரம். தொடக்கத்தில் தெரிவுக் கேள்வியைக் கண்டதும் உடனே சமன்பாடு எழுதத் தொடங்குவார்கள். இரண்டாம் தவணைப் பக்கம் வரும்போது, கேள்வியை வாசித்துவிட்டுச் சில விநாடி சும்மா இருந்து, ஓரத்தில் மில்லிமூல்களை எழுதிவிட்டுப் பிறகு தொடங்குகிறார்கள். போன திங்கட்கிழமை அந்த 0.30 வகையைக் கொடுத்தபோது, முன்வரிசையில் ஒரு பிள்ளை எண்டர்சன் சமன்பாட்டை அரைவாசி எழுதி, நிறுத்தி, அதைக் கோடு போட்டு வெட்டிவிட்டு, கீழே ‘OH⁻ மிகை’ என்று எழுதியது.